கறுப்பு ஸ்லைடுக்கு ஒரு தலைப்பு

மைக் சார் பேசி முடித்ததும் ஹாலில் பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மீதிப் பேர், முன்னால் நின்றவர்களின் முதுகு மறைத்ததால், தாங்களும் எழுந்து நின்றார்கள். எப்படியோ மொத்த ஹாலும் நின்றுகொண்டிருந்தது. மூன்று கிளைகள் கொண்ட அந்த மருத்துவமனையின் நிர்வாக இயக்குநருக்கு அது போதும். கையில் மைக் இல்லாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும் என்று ஊழியர்கள் சொல்லிக்கொள்வார்கள். பெயர் அப்படித்தான் வந்தது.

அவருக்கு ஸ்லைடு போட்டுக் கொடுத்தவளுக்கு ஸ்லைடு அக்கா என்று பெயர். வயதில் பெரியவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய மேஜை. யார் ஜெராக்ஸ் எடுத்தாலும் அந்தச் சூடு அவள் முகத்தில்தான் அடிக்கும். ஹாலில் அவர் பேசிய அந்தத் திட்டம் மட்டும் நிறைவேறிவிட்டால் அவளுக்குத் தனிப் பிரிவு, முதல் மாடியில் ஜன்னல் வைத்த அறை என்று மைக் சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்பது வரை அவள் மனதில் முடிவாகியிருந்தது.

ஸ்லைடுகளில் வார்த்தையே கிடையாது. கூட்டத்துக்கு அதுதான் சரி. திரையில் பத்தி பத்தியாக எழுதி வைத்தால் ஜனங்கள் அதைப் படிப்பார்களே ஒழிய பேசுகிறவரைக் கேட்கமாட்டார்கள். அதனால் பாதி திறந்த ஒரு கதவின் படம். இன்னொன்றில் சிவப்பில், ஆளுயரத்துக்கு, 34%. மற்றொன்றில் ஒரு நோயாளியின் முகம், அதன் மேல் ஒவ்வொன்றாக வந்து விழும் அம்புக்குறிகள். நடுவில் ஒரு ஸ்லைடு முழுக்கக் கறுப்பு. திரை இருண்டால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்பது மைக் சாரின் கணக்கு. பார்த்தார்கள். அவர் நீண்ட நேரம் மௌனமாக நின்று, "புரியுதா?" என்றார். ஹால் அதிர்ந்தது.

மறுநாள் காலையில் நிர்வாகக் குழுவின் செயலாளர் அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. குழுவின் ஐந்து உறுப்பினர்களும் கூட்டத்துக்கு வரவில்லை. அவரவர் வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடுவார்கள். யாருக்கும் போன் போட்டு விளக்கம் கேட்கமாட்டார்கள். படித்தால் தானாகப் புரிகிற மாதிரி ஒன்று அனுப்பவும்.

"அதுக்கென்ன, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மைக் சார்.

அவள் ஆக்கினாள். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. ஹாலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அம்புக்குறிகள் எல்லாம் இப்போது ஒரே நேரத்தில் வந்து நின்றன. நோயாளியின் மூக்கிலிருந்து மூன்று அம்புகள் முளைத்திருந்தன. வாயை மறைத்தபடி 'நம்பிக்கை' என்ற சொல் உட்கார்ந்திருந்தது. கறுப்பு ஸ்லைடு ஒரு முழுக் கறுப்புப் பக்கமாக வந்தது. அதைப் படிக்கிறவர் பிரின்டரைத்தான் திட்டுவார்.

"சார், இதைத் திரும்ப எழுதணும்" என்றாள். "அம்புக்குறி ஒண்ணொண்ணுக்கும் தனிப் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு முழு வாக்கியமா இருக்கணும். வெறும் 'காத்திருப்பு'ன்னு போட்டா படிக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? எண்ணு இருந்தா எங்கேர்ந்து வந்துச்சு, எத்தனை பேர்ல எத்தனைன்னு கீழே போடணும். முதல் பக்கத்துலயே குழு எதுக்கு ஒப்புதல் தரணும்னு சொல்லிடணும். நீங்க வாயால சொன்னது எல்லாம் எழுத்துல வரணும்."

"நான் பேசினதை அப்படியே போட்டுடுங்க. ரெக்கார்டிங் இருக்கில்ல?"

ரெக்கார்டிங் இருந்தது. அவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். திறந்த கதவு வரும் இடத்தில் அவர் சொன்னது: "கதவு. என்ன அழகான விஷயம்!" 34% வரும் இடத்தில்: "முப்பத்து நாலு. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க." கறுப்பு ஸ்லைடில், ஏற்கெனவே சொன்னதுபோல, ஒன்றும் இல்லை. நீண்ட மௌனம், ஒரு இருமல், 'புரியுதா', கைதட்டல். முக்கால் மணி நேரப் பேச்சைப் பிழிந்து பார்த்தால் அரைப் பக்கம் தேறவில்லை. நேற்று அதே பேச்சைக் கேட்டு அவளுக்கும் புல்லரித்திருந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கைதட்டியவர்களுக்காவது புரிந்திருக்குமே என்று போய்க் கேட்டாள். ஆய்வகத் தலைவர் சட்டென்று சொன்னார்: "விசாரணைக் கவுன்ட்டர்ல ஆளே வேண்டாம், எல்லாம் தொடுதிரை. எவ்வளவு தைரியமான ஆள்! அதான் எழுந்து நின்னேன்." வார்டு சிஸ்டரும் சட்டென்றுதான் சொன்னாள்: "கவுன்ட்டர்ல இன்னும் ஆள் போடப் போறார். பாவம், அந்தப் பிள்ளைங்க தனியா எவ்வளவு நாள் மாரடிக்கிறது? கண்ணு கலங்கிடுச்சு எனக்கு."

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே கறுப்பைப் பார்த்தவர்கள்.

ஸ்லைடு அக்காவுக்கு மண்டை காய்ந்தது. நேராக மைக் சாரிடம் போனாள். "கறுப்பு ஸ்லைடுக்குத் தலைப்பு வேணும் சார். ஒரு வரி."

"ஒரு வரியில சொன்னா அதோட ஆழம் போயிடுமே."

"ஆழம் போனாலும் பரவால்ல சார். கவுன்ட்டர்ல ஆளைக் கூட்டுறோமா, குறைக்கிறோமா?"

அவர் கதவைப் பார்த்தார். திறந்திருந்தது. எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "எடுத்துட்டு ஸ்க்ரீன் வைக்கிறதுதான். வேற என்ன? ஆனா பட்டுனு எழுதிடாதீங்க. பக்குவமா எழுதுங்க."

பக்குவமாக எழுதுவதில் அவள் கெட்டிக்காரிதான். 'மனிதமும் தொழில்நுட்பமும் கைகோர்க்கும் புதிய வரவேற்பு அனுபவம்' என்று எழுதினாள். பார்க்க நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கணவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு பள்ளியில் வகுப்பு நேர அட்டவணை போடுகிறவன். யார் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரியாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"படிச்சுப் பாருங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசாமலே புரியுதான்னு பாக்கணும்."

அவன் படித்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நெற்றியைச் சுருக்கிய ஒவ்வொரு இடத்திலும் அவளுக்கு வாய் அரித்தது.

"கவுன்ட்டர்ல இன்னும் ஆள் போடப் போறீங்களா?" என்றான்.

அவள் தாளையே கைகாட்டினாள்.

"இது என்ன, நாற்பத்தொரு பேர்ல பதினாலு பேர் ரொம்ப நேரம் காத்திருந்தாங்கன்னு போட்டிருக்கு? அப்போ மத்த இருபத்தேழு பேர்?"

"அவங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு சொன்னாங்க."

"அப்போ எதுக்கு மாத்துறீங்க?"

அவ்வளவுதான். அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, மைக் சார் மாதிரியே கையை விரித்து, குரலைத் தாழ்த்தி, "முப்பத்து நாலு. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க" என்றாள்.

"அடேயப்பா!" என்றான் அவன். "இப்போ சரின்னு தோணுது." பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சு பேர் வீட்டுக்கும் நீயே கூடப் போகப் போறியா?" என்று கேட்டான்.

மறுநாள் முழுவதும் அவள் ஜெராக்ஸ் சூட்டில் உட்கார்ந்து தனக்குள்ளேயே மல்லுக்கட்டினாள். அந்த நாற்பத்தொரு பேர் என்கிற வரியை எடுத்துவிட்டால் போதும். 34% என்று சிவப்பில் பெரிதாக நிற்கும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள், திட்டம் நிறைவேறும், ஜன்னல் கிடைக்கும். எடுத்தாள். திரும்பப் போட்டாள். மறுபடியும் எடுத்தாள். பக்குவமான தலைப்பை வைத்து அனுப்பினாலோ, ஐந்து பேரும் ஐந்து விதமாகப் படித்து, ஐந்தும் சரி என்றே ஓட்டுப் போடுவார்கள். பிறகு ஒருநாள் காலையில் கவுன்ட்டர்களில் இருக்கும் பதினெட்டுப் பேரும் வேலைக்கு வந்து, தங்கள் நாற்காலியில் ஒரு திரை உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் நாலு பேர் தினமும் இவளோடு சாப்பிடுகிறவர்கள். அவளுக்கு அந்த ஜன்னலின் மேல் கோபம் வந்தது.

பூசி மெழுகியதை எல்லாம் அழித்துவிட்டு எழுதினாள்: 'மூன்று கிளைகளின் விசாரணைக் கவுன்ட்டர்களில் இருக்கும் பதினெட்டுப் பேரையும் எடுத்துவிட்டுத் தொடுதிரைகள் வைக்கிறோம்.' அடுத்த பக்கத்தில்: 'கேட்கப்பட்ட 41 நோயாளிகளில் 14 பேர் அதிக நேரம் காத்திருந்ததாகச் சொன்னார்கள், 27 பேர் பிரச்சினை இல்லை என்றார்கள்.' இருபத்திரண்டு ஸ்லைடுகள் பதினாலு பக்கமாயின. கதவுப் படத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

மைக் சாரிடம் கொண்டுபோனாள். அவர் பக்கங்களை விசிறி மாதிரி ஒரு ஓட்டு ஓட்டினார். "கலர் சூப்பர். அனுப்பிடுங்க."

"சார், ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க. கறுப்பு ஸ்லைடுக்கு நீங்க சொன்னதையே நேராப் போட்டிருக்கேன். முப்பத்து நாலுக்குக் கீழேயும் கணக்குப் போட்டிருக்கேன்."

"நான் பேசினதுதானேம்மா? அதை நானே படிக்கணுமா?"

அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. இத்தனை தெளிவான அறிக்கை இதுவரை தங்களுக்கு வந்ததில்லை என்று குழு பாராட்டியிருந்தது. படித்த உடனேயே வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுக்க முடிந்ததாம்.

மைக் சார் படியிறங்கி ஜெராக்ஸ் மெஷினுக்கே வந்துவிட்டார். "என்ன எழுதித் தொலைச்சீங்க?" என்று கேட்டு, அவள் மேஜையில் இருந்த பிரதியைப் பிடுங்கி, நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் கோபம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அது குறைந்தது. ஐந்தாம் பக்கத்தில் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

"பதினெட்டுப் பேரை எடுத்துடறதா? இருபத்தேழு பேர் நல்லாயிருக்குன்னு சொன்னப்புறமா?" என்றார். "இது யாரோட யோசனை?"

"உங்களோடது சார்."

அவர் பிரதியை மேஜையில் வைத்தார். மறுபடி பேசத் தொடங்கியபோது முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. "விடுங்க. இது நல்ல சப்ஜெக்ட். 'ஏன் கவுன்ட்டரில் மனிதர்கள் வேண்டும்?' அடுத்த மாசம் ஹால்ல கூட்டம் போட்டுடலாம். அறுபத்தாறு சதவீதம்னு பெரிசா, பச்சையில. எத்தனை பேர்னு எல்லாம் வேண்டாம். நடுவுல ஒரு கறுப்பு ஸ்லைடு வைங்க."

ஸ்லைடு அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த ஜன்னல் போனது போனதுதான், அது வலிக்கத்தான் செய்தது. ஆனால் இனிமேல் அவரிடமிருந்து எதிர்பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் பேசுவது சுலபமாக இருந்தது.

"வைக்கிறேன் சார். ஆனா முதல்ல படிக்கிற மாதிரி எழுதிடறேன். நீங்க தனியா உக்காந்து படிங்க. படிச்சப்புறமும் பேசணும்னு தோணிச்சுன்னா ஸ்லைடு போட்டுத் தர்றேன்."

"தனியாவா? எங்க உக்காந்து?"

"முதல் மாடியில ஜன்னல் ரூம் காலியாத்தானே சார் இருக்கு."

திங்கட்கிழமை அவர் உண்மையாகவே, அவள் புதிதாக எழுதிக் கொடுத்த ஒன்பது பக்கங்களை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. மத்தியானம் வரை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கவுன்ட்டர் பெண்கள் நாலு பேரும் வந்து, "என்னக்கா, இன்னிக்கு மைக் சார் லீவா?" என்று கேட்டார்கள்.

"இல்ல, படிக்கிறார்" என்றாள்.