யாரும் கூப்பிடாத நம்பர்

முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருந்த மூன்று லட்சம் போய்விட்டது. அதைவிட, வங்கியின் மயிலாப்பூர் கிளையில் குருபிரசாத் என்ற அதிகாரி கேட்ட கேள்விதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வியாழக்கிழமையே உங்க சிம் செத்துடுச்சு மர்சலின் மேடம். யாரோ போலி அடையாள அட்டையைக் காட்டி உங்க நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டாங்க. புது சிம்முக்கு இருபத்துநாலு மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது. நிஜமான ஆள் கவனிக்கட்டும்னுதான் அந்த அவகாசம். வெள்ளிக்கிழமைலேர்ந்து ஓடிபி எல்லாம் அவனுக்குப் போயிருக்கு. மூணு நாளா சிக்னல் இல்லாதது எப்படித் தெரியாமப் போச்சு?"

"பெரிய வெள்ளி. நோன்பு நாள்ல போனைத் தொட மாட்டேன்" என்றேன்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பிள்ளைகளின் பொய்களைப் பிடித்தவள் நான். என் பொய் எனக்கே சகிக்கவில்லை. போன் என் கையிலேயேதான் இருந்தது. வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் ஓடியது, பங்குக் கோயில் குழுவில் சிலுவைப் பாதைப் படங்கள் வரிசையாக வந்தன. ஈஸ்டர் அன்று காலை வடபழனியில் இருக்கும் தம்பி ஃபிரெட்ரிக்குக்கு நானே போன் போட்டபோதுதான் லைன் போகவில்லை. சந்தேகப்பட்டு வங்கிக் கணக்கைப் பார்த்தால் பணம் இல்லை. எதிர்வீட்டு ஜுவேரியா தன் போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் பேசினாள். அறுபதாயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

பாஸ்வேர்டு எப்படிப் போனது என்றும் குருபிரசாத் கேட்டார். போன மாதம் வங்கியின் கேஒய்சி விவரம் புதுப்பிக்க வேண்டும் என்று வந்த லிங்கில் நான்தான் அடித்தேன். ஓடிபி கேட்டதும் மூடிவிட்டேன். அதைக் கொடுக்காததால் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

"இனிமே எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்பாதீங்க. நம்ம பேங்க் ஆப்லயே ஒப்புதல் குடுக்கற வசதி இருக்கு, இந்த போன்ல மட்டும்தான் வேலை செய்யும். ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல போகாதபடி வரம்பு வெச்சுடலாம். பணம் போனா மெயிலுக்கும் தகவல் வரும். நூறு சதவீதம் பாதுகாப்புனு சொல்ல மாட்டேன், ஆனா இவ்வளவு சுலபமாப் போகாது."

அவர் புகார்ப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நோன்புனே எழுதிடறீங்களா? இந்தத் தாளை வெச்சுத்தான் மீதிப் பணத்துக்குப் போராடணும். எல்லாம் சரியா இருக்கணும்."

நான் பேனாவை வாங்கினேன். 'போன் அணைக்கப்படவில்லை. அந்த நாட்களில் யாரும் என்னை அழைக்கவில்லை. அதனால் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். தாளைக் கோப்பில் வைத்தார்.

"காலையில வாங்கின புது சிம்ல கால் வருதானு பாத்தீங்களா? யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க."

"நீங்களே ஒரு தடவை கூப்பிடுறீங்களா?" என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே நம்பரை அழுத்தினார். என் போன் அடித்தது. மணி நின்றுபோவதற்குள் எடுத்து, எதிரில் இருந்தவரிடம், "ஹலோ, மர்சலின் பேசறேன்" என்றேன்.