ஏழாவது படம்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு கோடையில் அன்புச்செல்வி பதினெட்டு படங்கள் வரைந்தாள். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்துகொண்டே தபால் வழியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தாள். நுண்ணியல் தாளில் சிறு வினாக்களுக்குப் படம் போட்டால்தான் முழு மதிப்பெண் கிடைக்கும். அதனால் வரைபடத் தாளில் ஒவ்வொரு படமாகப் போட்டு, கீழே மூன்று வரிகளை எழுதினாள்: காரணம், எந்தக் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது, புதிய சமநிலை எங்கே. காபி விலை ஏறினால் டீக்கான தேவைக்கோடு வலப்பக்கம் போகும். விலையும் கூடும், அளவும் கூடும். வினாவைப் பார்த்ததும் அப்படியே இறக்கிவைத்துவிடலாம்.

அந்தத் தாள்களின் ஜெராக்ஸ் பிரதி ஒன்று ஆதிலட்சுமியிடமும் இருந்தது. பக்கத்து இருக்கையில் உட்காரும் இளநிலை உதவியாளர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அங்கே அவர்களுக்கு நிலக்கடலை போடும் கொஞ்சம் நிலம் உண்டு, மல்லாட்டை என்பாள். அன்புச்செல்வியைவிட ஏழு வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மாமியாரின் முணுமுணுப்பைத் தாண்டி அதே பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். முதலாம் ஆண்டுத் தேர்விலும் அன்புச்செல்வி போட்டுக் கொடுத்த குறிப்புகளைத்தான் படித்தாள். ஆனால் முடிவு வந்தபோது அன்புச்செல்வியைவிட ஒன்பது மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தாள். அலுவலகமே ஆதிலட்சுமியைப் பாராட்டியது. அன்புச்செல்வியும் சிரித்துக்கொண்டே பாராட்டினாள். உள்ளே ஏதோ ஒரு இடத்தில் அது முள்ளாகத் தங்கிவிட்டது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை மதிய உணவு நேரத்தில் ஆதிலட்சுமி ஏழாவது படத்தைக் கையில் பிடித்தபடி வந்தாள். மழை பொய்த்தால் நிலக்கடலைச் சந்தையில் என்ன ஆகும் என்ற படம் அது.

"செல்வி, ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பக்கம் மழையே இல்ல. மல்லாட்டை வெல ஜாஸ்தியாயிடுச்சு. உன் படத்துல கம்மியாவுதே? அளவு வேற கூடுதுனு எழுதியிருக்க."

அன்புச்செல்வி தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சுற்றிலும் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது உங்க ஊர் சந்தை அக்கா. இது தியரி. இருக்கறத அப்படியே எழுதுங்க."

ஆதிலட்சுமி தலையாட்டிவிட்டுப் போனாள். தன் கேள்வியே தப்பு என்று நம்பியவளின் தலையாட்டல் அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்புச்செல்வி பாடநூலை எடுத்தாள். இரண்டே நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அளிப்பு குறைகிறது என்றதும், குறைவுதானே என்று புதிய கோட்டைப் பழைய கோட்டுக்குக் கீழே போட்டிருந்தாள். அளிப்புக்கோடு கீழே இறங்கினால், ஒவ்வொரு விலையிலும் சரக்கு கூடுதலாக வருகிறது என்றல்லவா பொருள்? கோடு இடப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். தேவைக்கோடு நின்ற இடத்திலேயே நிற்க, இரண்டும் வெட்டும் புள்ளி மேலே ஏறி இடப்பக்கம் போகும். விலை கூடும், அளவு குறையும். பதினெட்டையும் ஒரே மூச்சில் போட்டதில், தப்பான படத்தைப் பார்த்து மூன்றாவது வரியையும் தப்பாகவே எழுதிவைத்திருந்தாள்.

ரப்பரால் அழித்துத் தன் தாளைத் திருத்தினாள். ஆதிலட்சுமியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

மறுநாளிலிருந்து ஆதிலட்சுமி விடுப்பு. வெள்ளிக்கிழமை சித்ரா பௌர்ணமி. ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. இந்தக் கூட்டத்தில் கீழ்பென்னாத்தூருக்கு எப்படிப் போவது என்று அன்புச்செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை கூட்டம் வடிந்துவிட்டது. ஆதிலட்சுமி வீட்டுக்குப் பக்கத்திலிருந்த உரக்கடையின் தொலைபேசி எண் அவளிடம் இருந்தது. தெருமுனை பூத்துக்குப் போய்ச் சுழற்றினாள். கடைக்காரர் எடுத்து, யாரு வேணும் என்று கேட்டார். அந்த நொடியில் ஒன்பது மதிப்பெண் ஞாபகம் வந்தது. பதினெட்டில் ஒன்று, அது எங்கே வரப்போகிறது என்று தோன்றியது. ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வினாத்தாளில் அது வந்தது. வறட்சியால் வேளாண் பொருளின் சமநிலை விலை எவ்வாறு மாறும், படத்துடன் விளக்குக. ஐந்து மதிப்பெண். அன்புச்செல்வி இடப்பக்கம் கோடு போட்டு அம்புக்குறி இட்டாள். இரண்டு வரிசை முன்னால் ஆதிலட்சுமி அளவுகோலை வைத்து நிதானமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஆதிலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது படம் அப்படியே வந்துவிட்டது, நீ சொன்னபடியே எழுதிவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். வேறு சில கேள்விகளைச் சரியாக எழுதவில்லை, அந்த ஐந்துதான் காப்பாற்றும் என்றாள். அன்புச்செல்வி பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. அன்புச்செல்வி தேறிவிட்டாள். ஆதிலட்சுமி அந்த ஒரு தாளில் மூன்று மதிப்பெண் குறைந்து தவறியிருந்தாள்.

அவள் அழவில்லை. மாமியார் இனிப் போதும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். வயசான காலத்தில் தனக்கு எதற்கு இந்த ஆசை என்று தன்னையே நொந்துகொண்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாரமும் அன்புச்செல்விக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டச்சு செய்த கடிதங்கள் பிழையோடு திரும்பி வந்தன. கண்காணிப்பாளர் அருணகிரி உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை, பதிவறையில் ஆதிலட்சுமியும் தானும் மட்டும் இருந்தபோது அவள் சொல்லிவிட்டாள். ஏழாவது படம் தப்பு, நீங்கள் கேட்டதுதான் சரி என்று ஆரம்பித்தாள். ஆதிலட்சுமி பதறவில்லை. தப்பு யாருக்கும் வரும், அதற்கு ஏன் இப்படி நடுங்குகிறாய் என்று தோளைத் தொட்டாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பும் கிடைத்திருக்கும். அந்தக் கை தோளில் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அதில்லக்கா. பரீட்சைக்கு மூணு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். என் தாள மட்டும் திருத்திக்கிட்டேன். உரக்கடைக்கு போன் பண்ணேன். பேசாம வச்சுட்டேன்."

தோளிலிருந்து கை இறங்கியது.

"தெரிஞ்சேவா?"

"ஆமாக்கா."

"ஏன்?"

ஒன்பது மதிப்பெண்ணைப் பற்றி அவள் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவளுக்கே உறைத்தது. ஆதிலட்சுமி கோப்புக் கட்டுகளில் ஒன்றை எடுத்து, தூசி தட்டி, அதே இடத்தில் வைத்தாள்.

"நான் மல்லாட்டை போடறவ. எங்க வெல ஏறும், எங்க எறங்கும்னு எனக்குத் தெரியும். அத விட்டுட்டு நீ சொன்னத நம்புனேன் பாரு, அதான் எனக்கு ஆறல."

சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

அன்புச்செல்வி தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பதினெட்டு படங்களையும் பாடநூலோடு ஒப்பிட்டு மறுபடி வரைந்தாள். கீழ்பென்னாத்தூருக்குப் போய், மாமியார் முன்னால் நின்று, அக்கா தவறியது என்னால்தான் என்று சொன்னாள். கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் டிசம்பர் தேர்வுக்கு ஆதிலட்சுமி பணம் கட்டியபோது தடுக்கவில்லை. புதிய தாள்களை ஆதிலட்சுமி வாங்கிக்கொள்ளவில்லை. தானே உட்கார்ந்து தன் படங்களைப் போட்டாள். நெல், மல்லாட்டை, உரம், டீசல் என்று தனக்குத் தெரிந்த சரக்குகளை வைத்து. டிசம்பரில் தேறினாள். மறு வருடம் இருவரும் பட்டம் வாங்கினார்கள்.

பேச்சு நிற்கவில்லை. கோப்பு எங்கே, ஐயா வந்துவிட்டாரா, மழை வருமா என்று எல்லாம் பேசினார்கள். ஒருமுறை அன்புச்செல்வி தன் மேல் இன்னும் கோபமா என்று கேட்டாள்.

"கோவமெல்லாம் இல்ல செல்வி. உன்ன நம்பி ஒண்ணு கேக்கணும்னா மட்டும் வாய் வரல."

இரண்டாயிரத்து இரண்டில் ஆதிலட்சுமிக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. பிரிவு உபசாரத்தில் எல்லாரிடமும் பேர் சொல்லி விடைபெற்றாள், அன்புச்செல்வியிடமும்தான். மறுநாள் முழுவதும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அன்புச்செல்வி அந்தப் பக்கம் திரும்பாமலே கடிதங்களைத் தட்டி முடித்தாள்.