நீளமான சனிக்கிழமை

சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருக்கும் பொன்னுசாமிக் கவுண்டர் காலையும் ராத்திரியும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நியூயார்க்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, கோயம்புத்தூரில் என் கிளினிக்குக்கு வந்தார்.

"மேற்கே போறப்ப உங்க பொழுது ஒம்பதரை மணி நேரம் நீளுமுங்க," என்றேன். "கடிகாரத்தை மாத்தாதீங்க. ரெண்டு ஊசியும் நம்மூர் நேரத்துக்கே போடுங்க, அதுவும் சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பொறகு. அங்க இறங்கினாலும் பொழுது மிச்சமிருக்கும், இன்னொரு வேளை சாப்பிடுவீங்க. சர்க்கரையைப் பார்த்துட்டு அதுக்கு மட்டும் கொஞ்சமா ஒரு ஊசி, அளவு எழுதித் தாரேன். மறுநாள் காலையிலிருந்து அவங்க நேரம்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நான் கெளம்பறது புரட்டாசிச் சனிக்கிழமைங்க. விரதம். தட்டு வேண்டாம்னு சொல்லிப்போடுவேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. இவ்வளவு நேரம் நான் யாருக்குச் சொன்னேன்?

"ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்தா சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துருவீங்க. ஏரோப்ளேன்ல விரதமெல்லாம் கெடையாதுங்க."

அவர் விடவில்லை. "திரும்பி வாரப்ப எப்படிங்க?"

"கிழக்கே வாரப்ப பொழுது சுருங்குமுங்க. ஊசியோட அளவையும் கொறைக்கோணும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப திரும்பறதுக்கும் புரட்டாசிச் சனிக்கிழமையே டிக்கெட் போட்டுக்கறேனுங்க. சின்னச் சனிக்கிழமை, விரதம் சட்டுனு முடிஞ்சுபோகும்."

மருந்துச் சீட்டில் இன்சுலினுக்குக் கீழே, திரும்புவது புதன்கிழமை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.