தையல் பிரிவு போன பிறகு

கேன்டீன் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, பதிவேட்டில் அந்த வாரத்துச் சாப்பாடுகளைக் கூட்டினாள். மொத்தம் ஆயிரம். சாப்பாட்டுக்கு நூற்றிருபது கிராம் அரிசி, நூற்றைம்பது கிராம் காய். ஆனால் பழக்கதோஷத்தில், அடுத்த வாரத்துக்கு அரிசி நூற்றெண்பது கிலோ என்று கை எழுதிவிட்டது.

"தையல் பிரிவுதான் வேற கட்டடத்துக்குப் போயிடுச்சேக்கா. இவ்வளவும் யாருக்கு?" என்றான் சமையல்காரன்.

தட்டைத் தட்டிச் சோறு கேட்கும் அந்தப் பெண்களின் கும்மாளம் அவள் நினைவில் எழுந்தது.

"அவளுங்க இருந்தப்ப ஒரு பருக்கை மிஞ்சுமா?" என்று சிரித்தாள்.

அதை அடித்துவிட்டு அரிசி நூற்றிருபது கிலோ, காய் நூற்றைம்பது கிலோ என்று எழுதினாள். பிறகு இருவருமாகப் பெரிய அண்டாவைப் பரணில் ஏற்றினார்கள்.

"நசுங்காம வைப்பா. திரும்பி வந்தாலும் வருவாளுங்க."