மங்களம் கேட்ட கேள்வி

மங்களத்தின் செய்தி வாட்சப்பில் வந்தபோது தினேஸ்வரி ஜெலாப்பாங் தொழிற்சாலைக் கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் மீயோடு படித்தாள்.

“அம்மா போட்ட ஊறுகா பாதி ஜாடி இருக்கு. என்ன செய்றதுன்னு தெரியல. சாப்பிடலாமா?”

மங்களத்தின் அம்மா இறந்து கருமக்கிரியையும் முடிந்திருந்தது. அதற்குப் பீடோர் போய்விட்டு வந்தவள்தான் தினேஸ்வரி. துக்க வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது என்பதால், வழக்கப்படி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தாள். ஒரே எஸ்டேட் லயத்தில், ஒரே குழாயடியில் வளர்ந்தவர்கள் இருவரும். அப்படிப்பட்டவளின் கேள்விக்கு கேன்டீனில் உட்கார்ந்து ‘ஆமா, சாப்பிடு’ என்று இரண்டு சொல்லில் பதில் போடுவதா? ராத்திரி வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ராத்திரி தூக்கம் வந்தது. மறுநாள் ஓவர்டைம். அதற்கடுத்த நாள், இவ்வளவு தாமதமாக எழுதுவதென்றால் இன்னும் நல்லதாக எழுத வேண்டுமே என்று தோன்றியது. நாளாக நாளாக அந்த நல்லதின் உயரம் கூடிக்கொண்டே போனது. நல்ல மனசுக்காரர்களைப் பிடித்து ஆட்டும் நோய் இது. மோசமானவர்களுக்கு வருவதில்லை.

வாரம் ஒன்று தாண்டிவிட்டது. சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு முழித்த தினேஸ்வரியைப் பார்த்து, கணவன் தேவன் ஒரு வழி சொன்னான்.

“போன் ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு லா. யாரு வந்து பாக்கப் போறா?”

“நல்லா சொன்னீங்க. எஸ்டேட் குரூப்புல தினமும் காலைல முருகன் படம் போட்டு வணக்கம் வச்சிருக்கேன். அவளும் அந்த குரூப்புலதான் இருக்கா.”

தேவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கெல்லாம் காலை வணக்கம், மங்களத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவள் தினமும் அதைப் பார்த்திருப்பாள். தினேஸ்வரிக்கு நெஞ்சு வலித்தது.

அந்த வலியோடு எழுதினால் என்ன வரும்? ஒரு முழம் வந்தது. ‘நான் எல்லாம் ஒரு தோழியா. நீ கஷ்டத்துல இருக்கறப்போ பதில்கூட போடாத பாவி நான். தினமும் அழுறேன். நீ என்னை மன்னிக்கவே வேணாம்’ என்று திரை நிறைய எழுதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தேவனிடம் நீட்டினாள்.

அவன் முழுவதும் படித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“இதப் படிச்சா அவ என்ன செய்வா?”

“என்ன செய்வா?”

“உடனே உனக்குப் போன் போட்டு, அழாத தினேஸ், பரவால்லன்னு சொல்லணும். அம்மாவப் பறிகொடுத்தது அவளா, நீயா?”

கோபம் சுருக்கென்று வந்தது. மனுஷனுக்கு இரக்கமே கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கழுவி முடிப்பதற்குள், அவன் சொன்னது சரிதான் என்று தெரிந்துவிட்டது. திரும்பி வந்து அத்தனையையும் அழித்தாள்.

பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கை கூப்பும் பொம்மையோடு ‘எப்படி இருக்க?’ என்று எழுதிப் பார்த்தாள். எப்படி இருப்பாள்? அதையும் அழித்தாள்.

என்னதான் கேட்டிருந்தாள் என்று மேலே தள்ளி மங்களத்தின் செய்தியைத் திரும்பப் படித்தாள். அப்போதுதான் உறைத்தது. அவள் ஆறுதல் கேட்கவில்லை. ஏன் பதில் இல்லை என்றும் கேட்கவில்லை. ஊறுகாயைச் சாப்பிடலாமா என்றுதான் கேட்டிருந்தாள். இத்தனை எழுதி அழித்ததில் ஊறுகாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

சாப்பிட்டால் தீர்ந்துவிடும். சாப்பிடாவிட்டால் பூசணம் பிடிக்கும். அந்தக் கஷ்டத்தில் ஜாடி முன்னால் தனியாக நிற்கிறாள் மங்களம். தினேஸ்வரி இந்த முறை அழவில்லை. யோசித்தாள். யோசித்து எழுதினாள்.

“மங்களம், நீ கேட்டதப் படிச்சிட்டு இத்தன நாளா பதில் போடல. சாரி. ஊறுகாய சாப்பிடலாம். அம்மா நாம சாப்பிடத்தான் போட்டாங்க. தனியா திறக்க மனசு வரலனா அப்படியே மூடி வை, ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. சனிக்கிழமை எனக்கு லீவு. தயிர் சோறு கொண்டு வாரேன், ரெண்டு பேருமா திறப்போம். அன்னிக்கு தோதுப்படலனா வேற நாள் வாரேன். மெதுவா சொல்லு, அவசரமில்ல.”

ஓவர்டைம் பற்றி ஒரு வரி சேர்க்கக் கை அரித்தது. உண்மைதானே என்று மனசு வாதாடியது. உண்மைதான், ஆனால் அது மங்களத்துக்கு எதற்கு? அழுகிற முகம் ஒன்றைக் கடைசியில் வைத்தாள், எடுத்தாள். தேவனிடம் காட்டாமலே அனுப்பினாள்.

இரண்டு டிக் விழுந்தது. சற்று நேரத்தில் நீலமானது. பதில் வரவில்லை.

இப்போது காத்திருக்கும் முறை அவளுடையது. ‘கோவமா?’ என்று ஒன்று போடலாமா என்று பத்துத் தடவை போனை எடுத்தாள். அவசரமில்லை என்று தானே எழுதிவிட்டுத் தானே பறந்தால் எப்படி? போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அதன்மேலேயே படுத்தாள்.

மறுநாள் குரூப்பில் அவள் முருகன் படம் போடவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது மங்களத்திடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

“தயிர் சோத்துல பச்ச மொளகா போடாத.”

தினேஸ்வரி வாசலில் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தாள். சந்தோஷத்தில் தேவனுக்கு வைத்த காப்பியைத் தானே குடித்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பீடோரில் மங்களம் கதவைத் திறந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. ஜாடி சமையல்கட்டு மேடையில் இருந்தது. வாயில் கட்டிய வெள்ளைத் துணி அம்மா போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. இருவருமாக அவிழ்த்தார்கள். எலுமிச்சை கறுத்து நன்றாக ஊறியிருந்தது. மங்களம் ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“உப்பு கூட,” என்றாள்.

“எப்பவுமே கூடத்தான்,” என்றாள் தினேஸ்வரி. இருவரும் சிரித்தார்கள், பிறகு கொஞ்சம் அழுதார்கள், பிறகு சாப்பிட்டார்கள்.

தட்டைக் கழுவும்போது மங்களம் சாதாரணமாகச் சொன்னாள். “அண்ணி தெனமும் கேட்டாங்க, இந்த ஜாடியக் கழுவி வச்சிரலாமான்னு. தினேஸ்வரியக் கேட்டிருக்கேன், அவ சொல்லட்டும்னேன்.”

“தெனமுமா?”

“ம்.”

தினேஸ்வரிக்கு ஒரு வண்டி மன்னிப்பு வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, மங்களத்தின் கையிலிருந்த தட்டை வாங்கித் துடைத்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது பழக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினாள். மங்களம் வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கருமக்கிரிய முடிஞ்சி போச்சு தினேஸ். இன்னும் எதுக்கு சொல்லாம போற?”

தினேஸ்வரி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“போயிட்டு வாரேன், மங்களம்.”

“வா,” என்றாள் மங்களம்.