ஜீப் வருமுன் விழுங்கிய மாத்திரைகள்

ஏலத்தோட்டத்து ஜீப் விடியுமுன் வந்துவிடும். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்துத் தோட்டத்தில் களையெடுத்து, வெயில் ஏறிய பிறகுதான் இருதயம்மாள் தூக்குச்சட்டியைத் திறப்பாள். அதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு.

கால்விரல் புண்ணைக் காட்டத் தேனிக்குப் போனபோது மூன்று மாத்திரைகள் கொடுத்தார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்தக்குறைவுக்கு இரும்புச்சத்து, புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக். காலையும் இரவும் சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னார்கள். தோட்டத்தில் மாத்திரையைப் பிரித்தால் கங்காணி சுருளியாண்டி கண்ணில் படும். நோயாளி என்று தெரிந்தால் ஜீப்பில் இடம் போய்விடும். ஆகவே கடுங்காப்பியோடு மூன்றையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஏறினாள்.

வளைவுகள் தொடங்கியதும் குமட்டியது. பிறகு வயிறு கலக்கியது. மேட்டில் ஜீப் நின்றபோது சேலை நனைந்திருந்தது.

"என்ன இருதயம், நேத்து எந்த வீட்டு விருந்து?" என்றாள் பக்கத்திலிருந்த அய்யம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சீக்காளிய ஏத்த இது ஆம்புலன்ஸ் இல்ல ஆத்தா," என்றார் சுருளியாண்டி. "இன்னொருக்க இப்படின்னா வீட்டுலயே இருந்துக்க."

இரவுச் சோற்றுக்குப் பின் போட்ட மாத்திரைகள் ஒன்றும் செய்யவில்லை. அதை அவள் யோசிக்கவில்லை. மறுநாளும் ஜீப்பில் பல்லைக் கடித்துக்கொண்டே போனாள். அதன் பிறகு எல்லா மாத்திரைகளையும் அரிசிப்பானைக்குள் புதைத்தாள்.

"மருந்து போட்டியா?" என்று கணவன் இன்னாசி கேட்கும்போதெல்லாம் தலையசைத்தாள். வயிறு அடங்கியது. ரப்பர் பூட்சுக்குள் விரல் கறுத்தது. தோட்டமெங்கும் ஏலக்காய் வாசம் இருந்ததால் வேறு வாடை யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் விழுந்தபோதுதான் இன்னாசி தூக்கிக்கொண்டு ஓடினான்.

"விரலை எடுக்கணும்மா," என்றார் தேனி டாக்டர். "மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?"

அவள் சொன்னாள்.

"மூணுமே வயித்தப் பொரட்டுறதுதான். வெறும் வயித்துல சேத்துப் போட்டா கேக்கவே வேணாம். சர்க்கரை மாத்திரைய ராத்திரிச் சோத்தோட ஒண்ணுன்னு ஆரம்பிச்சு மெல்லக் கூட்டியிருக்கலாம். மெதுவாக் கரையுற வகையும் இருக்கு. இரும்பு மாத்திரைய காப்பியோட போடாம, சாப்பாட்டுக்குப் பெறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருக்கலாம். புண்ணு மாத்திரைய சாப்பிட உக்காரும்போதே போடணும், நடுவுல நிறுத்தக் கூடாது. வயித்தால போகுதுன்னு வந்திருந்தா மாத்திக் குடுத்திருப்போம்."

"சாப்ட்டுட்டுன்னுதான் சொன்னாக," என்றாள் இருதயம்மாள். "எங்கன வச்சு சாப்புடுவேன்னு யாரும் கேக்கல."

டாக்டர் குனிந்து எழுதினார்.

"எடுத்துட்டா பூட்ஸ் போட்டு மலையில நிக்க முடியுமா?"

"கொஞ்ச நாள் போகட்டும்மா."

அவளுடைய இடத்தில் சுருளியாண்டி வேறொருத்தியை ஏற்றிவிட்டதை இன்னாசி இன்னும் சொல்லியிருக்கவில்லை.

விரலை எடுத்த பிறகு ஒரு காலையில் வார்டில் இட்லி கொடுத்தார்கள். ஆற அமரச் சாப்பிட்டாள். நர்ஸ் கொடுத்த அதே சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிறு புரளும் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வயிறு குளத்துத் தண்ணீர்போல் கிடந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.