தங்கமுத்து பூசிய எண்ணெய்

கணவர் தங்கமுத்துவின் காரியம் முடிந்த மறுவாரம், நின்றுபோன வீட்டு வேலையைப் பார்க்கச் சண்முகவள்ளி கொத்தனார் நல்லுசாமியை வரச்சொன்னாள். கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறை போகும் சாலைச் சரிவில் இரண்டு அறை வீடு. சுவர் எழும்பிவிட்டது. தளம் போடவேண்டியதுதான் பாக்கி.

ஜீப் ஓட்டிப் பிழைத்த தங்கமுத்து, இறப்பதற்கு முன் தானே பழனிக்குப் போய், இப்ராம்சா கடையில் கம்பி எடுத்து வந்திருந்தார். நல்லுசாமி ஒரு கம்பியை வெளிச்சத்தில் திருப்பி, அதில் அச்சாகியிருந்த 500D என்ற தரக்குறியைப் படித்தார்.

"நல்லதாத்தான் எடுத்திருக்காப்ல. மலை மண்ணு அசைஞ்சாலும் இது வளைஞ்சு குடுக்கும், சட்டுனு ஒடியாது. மேல ஓடுற வரியும் எடுப்பா இருக்கு."

பிறகு தன் கையைப் பார்த்தார். கருப்பாகியிருந்தது.

"என்ன தாயி இது?"

"வண்டியில வடிச்ச ஆயிலு. பனியில துரு ஏறிரும்னு அவருதான் ஒவ்வொண்ணா துடைச்சுவிட்டாரு. ஜீப்புக்கு அடியில இருக்கிற வில்லுப் பட்டைக்கும் அப்படித்தான் பூசுவாரு."

நல்லுசாமி கம்பியைக் கீழே வைத்தார். "இத அப்படியே போட முடியாது. வரிக்குள்ள காங்கிரீட்டு போய்ப் பிடிக்கணும். ஆயில் இருந்தா வழுக்கும். தளம் தாங்காது."

கொழுந்தன் ஜெயமுருகன், "தீயக் காட்டுனா எரிஞ்சிட்டுப் போகுது" என்றான்.

"அந்த யோசனை வேண்டாம்யா. சூடு ஏறுனா கம்பியோட பலமே போயிரும். கழுவித்தான் ஆகணும். இல்லன்னா வேற கம்பி."

"கழுவுறேன்" என்றாள் சண்முகவள்ளி.

டீசலில் துடைத்து, சோப்புத்தூள் கரைசலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினாள். வரி இடுக்குகளில் காக்கி நூல்கள் ஒட்டியிருந்தன. எண்ணெய் துடைக்க அவர் கிழித்த பழைய சட்டையின் நூல்கள். ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். நல்லுசாமி தண்ணீர் தெளித்துப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக நின்ற கம்பிகளில் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று திரும்பத் தேய்க்கச் சொன்னார். தண்ணீர் பரவிய கம்பிகளைத் தனியே அடுக்கினார். கடைசிக் கம்பியிலும் தண்ணீர் பரவியபோது அந்த எண்ணெய் வாசனை முற்றத்தில் இல்லை.

மறுநாள் வெள்ளனே பனி விலகியதும் பார்த்தாள். கம்பிகள் மேல் செம்மஞ்சளாக மெல்லிய துரு படர்ந்திருந்தது. பதறிப்போய் நல்லுசாமியை அழைத்தாள். அவர் விரலால் தடவி, சாக்குத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தார்.

"இது ஒண்ணும் பண்ணாது தாயி. பொருக்குப் பொருக்கா உதிர்ந்து, கம்பியில குழி விழுந்தாத்தான் ஆகாது. இந்தத் துருவுக்குப் பிடிப்பு குறையாது."

"அப்ப அவரு ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தாலே போதுமா?"

நல்லுசாமி கட்டுக்கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு தார்ப்பாயி போட்டு, தரையில படாம வச்சிருந்தாப் போதும்."

"நாள் முழுக்க இதத்தான் துடைச்சாரு. சாப்பிடக்கூட வரல" என்றாள். "வீட்டுல இருக்கிற ஒரு நாளும் இப்படியான்னு நான் சத்தம் போட்டேன். பேசாமத் துடைச்சுக்கிட்டே இருந்தாரு."

ஜெயமுருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கம்பியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். மறுமுனையை நல்லுசாமி எடுத்தார்.